ஒரே லென்ஸ், இரண்டு விதமான உருத்திரிபு: வீட்டில் செய்த ஆப்டிகல் பெஞ்சில் எந்த அளவை நம்புவது?

அளவுகோல் | ஜனவரி 6, இரவு 9.10

பொறியியல் மாணவர்களின் இயற்பியல் ஆய்வகத்துக்காக ஒரு மீட்டர் நீளத்தில் ஆப்டிகல் பெஞ்ச் ஒன்றைச் செய்திருக்கிறேன். அலுமினியச் சதுரக் குழாயின் மேல் தாங்கிகள் நகரும். குழாயின் பக்கத்தில் எஃகு அளவுகோல் ஒட்டப்பட்டிருக்கிறது. லென்ஸ் மலிவானது: விட்டம் 50 மி.மீ., ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு, நடுத்தடிமன் 9 மி.மீ., உறையில் எழுதியிருக்கும் குவியத் தூரம் 100 மி.மீ. ஒளிபுகும் தாளில் 5 மி.மீ. கட்டங்களை அச்சிட்டு, அதன் பின்னால் பால்நிறத் தாளும் வெள்ளை எல்.இ.டி.யும் வைத்து, அந்தக் கட்டத்தையே பொருளாகப் பயன்படுத்துகிறோம்.

இரண்டு சிக்கல்கள் உள்ளன. u, v இரண்டையும் அளந்து கணக்கிட்டால் குவியத் தூரம் 97 இலிருந்து 103 வரை அலைகிறது. அதைவிடக் குழப்பமானது இரண்டாவது: ஒரு குழுவுக்குத் திரையில் கட்டத்தின் கோடுகள் பீப்பாய் போல வெளியே வளைந்திருந்தன; அடுத்த குழுவுக்கு, அதே லென்ஸில், ஊசிமெத்தை போல உள்ளே வளைந்திருந்தன. ஒரு லென்ஸுக்கு உருத்திரிபு ஒரே எண்ணாகத்தானே இருக்க வேண்டும்? எந்தக் குழுவின் அறிக்கையை ஏற்பது?

வார்ப்பு | ஜனவரி 6, இரவு 10.25

மலிவு லென்ஸ் என்றாலே இதுதான் கதி. அச்சில் வார்க்கும்போதோ தேய்க்கும்போதோ பரப்பு சீராக வராமல் போயிருக்கும். விளிம்பில் கட்டங்கள் மங்கலாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். மங்கினால் அதுதான் திரிபு. இதில் நேரத்தைச் செலவிடாமல் இரட்டை லென்ஸ் ஒன்றை வாங்கி அளப்பதே நல்லது.

துளைத்தட்டு | ஜனவரி 7, காலை 6.50

விளிம்பு மங்குவது வேறு, திரிபு வேறு. பிம்பம் தட்டையான திரையில் அமராமல் கிண்ணம் போல வளைந்து அமர்வதாலும் விளிம்பு மங்கும். திரையைச் சற்று முன்னால் நகர்த்தினால் விளிம்பு கூர்மையாகி நடு மங்கும். அப்படி ஆனால் அது புல வளைவு. திரிபு என்பது கோடு கூர்மையாகவே இருந்தும் தவறான இடத்தில் விழுவது. முதலில் மங்கலை ஒழித்தால்தான் கோட்டின் இடத்தை அளக்க முடியும். அதற்கு 5 மி.மீ. துளையுள்ள தட்டு ஒன்று தேவை.

அளவுகோல், உங்கள் கேள்வியில் ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது. இரண்டு குழுக்களும் அந்தத் துளைத் தட்டை எங்கே வைத்தன?

அளவுகோல் | ஜனவரி 7, மதியம் 1.15

கேட்டுப் பார்த்தேன். பீப்பாய் கண்ட குழு தட்டைப் பொருளின் பக்கம், லென்ஸுக்கு 40 மி.மீ. முன்னால் வைத்திருக்கிறது. மற்றக் குழு திரையின் பக்கம், ஏறத்தாழ அதே தொலைவில் வைத்திருக்கிறது. துளையின் விட்டம் இரண்டிலும் 5 மி.மீ. செய்முறைத் தாளில் துளையின் அளவு மட்டுமே குறிப்பிடப்பட்டிருக்கிறது. இடம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

துளைத்தட்டு | ஜனவரி 7, இரவு 8.30

அப்படியானால் இரண்டு குழுக்களின் அறிக்கையும் சரி.

ஒற்றை லென்ஸின் விளிம்புப் பகுதி, நடுப்பகுதியின் விகிதப்படி வளைக்க வேண்டிய அளவைவிடச் சற்று அதிகமாகவே ஒளியை வளைக்கும். துளை லென்ஸை ஒட்டி இருந்தால், கட்டத்தின் எந்த மூலையிலிருந்து வரும் ஒளியும் லென்ஸின் நடுவழியாகத்தான் போகும். ஆகவே அந்தக் கூடுதல் வளைவு கோட்டின் இடத்தைப் பாதிக்காது. துளையை முன்னால் நகர்த்தினால், கட்டத்தின் கீழ்மூலையிலிருந்து புறப்படும் கதிர் துளையின் நடுவைக் கடந்து மேலேறி லென்ஸின் மேல்பாதியில் படும். அங்கே அது அச்சை நோக்கிக் கொஞ்சம் கூடுதலாக வளைவதால், திரையில் விழ வேண்டிய உயரத்துக்குக் கீழே விழும். மூலைக் கட்டங்கள் இவ்வாறு உள்ளே இழுக்கப்படுவதே பீப்பாய். துளை பின்னால் இருந்தால் அதே கீழ்மூலைக் கதிர் லென்ஸின் கீழ்ப்பாதியில் பட்டு, கூடுதலாக மேல்நோக்கி வளைந்து, துளையைக் கடந்து திரையில் அதிக உயரத்தில் விழும். அது ஊசிமெத்தை.

ஆகவே லென்ஸுக்கு மட்டும் என்று ஒரு திரிபு எண் கிடையாது. லென்ஸ், துளையின் இடம், பொருளின் தொலைவு ஆகிய மூன்றும் சேர்ந்த அமைப்புக்குத்தான் அந்த எண் பொருந்தும். துளையை மூன்று இடங்களில் வைத்து அளந்து இங்கே எழுதுங்கள்.

பழைய கண்ணாடி | ஜனவரி 8, காலை 7.05

என்னிடம் இருப்பது வாசிப்புக் கண்ணாடியின் லென்ஸ், +2.5 டயாப்டர். என் பெஞ்சும் ஒரு மீட்டர்தான். பொருளையும் திரையையும் இரு முனைகளில் வைத்து லென்ஸை எங்கே நகர்த்தினாலும் பிம்பம் கிடைக்கவில்லை. இதுவும் துளை இல்லாததால்தானா?

துளைத்தட்டு | ஜனவரி 8, காலை 7.40

இல்லை. +2.5 என்றால் குவியத் தூரம் 400 மி.மீ. பொருளுக்கும் திரைக்கும் இடையே குறைந்தது அதன் நான்கு மடங்கு, அதாவது 1600 மி.மீ. இருந்தால்தான் திரையில் பிம்பம் விழும். உங்கள் பெஞ்ச் அதற்குப் போதாது.

கண்ணாடி முறையைக் கையாளுங்கள். ஊசித்துளையிட்ட அட்டைக்குப் பின்னால் விளக்கை வைத்து, லென்ஸுக்குப் பின்னால் ஒரு சமதள ஆடியை நிறுத்துங்கள். திரும்பி வரும் ஒளி அட்டையின் மேலேயே, துளைக்குப் பக்கத்தில் கூர்மையான புள்ளியாக விழும்போது, அட்டைக்கும் லென்ஸுக்கும் இடையிலான தூரமே குவியத் தூரம். லென்ஸுக்கும் ஆடிக்கும் இடையில் ஒளி இணையாகச் செல்வதால் அங்கே உள்ள இடைவெளியும் ஆடியின் கண்ணாடித் தடிமனும் கணக்கில் வராது; முகம் பார்க்கும் சாதாரணக் கண்ணாடியே போதும்.

தட்டைக்குவி லென்ஸில் இதைச் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: குவிந்த பக்கம் ஆடியைப் பார்த்து இருக்க வேண்டும். 100 மி.மீ. லென்ஸில் அச்சிலிருந்து 20 மி.மீ. தள்ளிச் செல்லும் கதிர், லென்ஸ் சரியாக இருந்தால் நடுக்கதிரைவிட 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக முன்னால் குவியும். திருப்பி வைத்தால் அதே வேறுபாடு 18 மி.மீ. ஆகும். புள்ளி எங்கேயும் கூர்மையாகவில்லை என்று புலம்புபவர்களில் பலர் லென்ஸைத் திருப்பி வைத்தவர்களே.

அளவுகோல் | ஜனவரி 10, இரவு 9.55

மூன்று இடங்களிலும் அளந்தாயிற்று. லென்ஸின் தட்டைப் பக்கம் பொருளை நோக்கி இருந்தது. கட்டத்தாளிலிருந்து தட்டைப் பரப்புக்கு 150 மி.மீ.; திரையை நடுக் கட்டங்கள் கூர்மையாகும் இடத்தில் நிறுத்தினேன். வெள்ளை எல்.இ.டி.க்குப் பதிலாகப் பச்சை வைத்தேன். திரையில் ஒட்டிய வரைபடத்தாளில் ஒவ்வொரு கோடும் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்று இடது, வலது இரு புறமும் படித்து, சராசரி எடுத்தேன்.

துளை 40 மி.மீ. முன்னால் இருந்தபோது, கட்டத்தில் 5, 10, 15, 20, 25 மி.மீ. ஆரங்களில் உள்ள கோடுகள் திரையில் முறையே 8.9, 17.8, 26.6, 35.3, 43.8 மி.மீ. தூரத்தில் விழுந்தன. நடுவில் உருப்பெருக்கம் 1.79. அந்த விகிதம் மாறாமல் இருந்திருந்தால் 20 மி.மீ. கோடு 35.8 இல் விழுந்திருக்க வேண்டும், அரை மி.மீ. உள்ளே விழுந்திருக்கிறது. அதாவது −1.4 சதவீதம். 25 மி.மீ. கோட்டில் −2.1 சதவீதம்.

துளையை லென்ஸை ஒட்டி வைத்தபோது வித்தியாசம் என் வாசிப்புப் பிழைக்குள் அடங்கிவிட்டது. பின்னால் 40 மி.மீ.யில் வைத்தபோது 20 மி.மீ. கோட்டில் +2.3 சதவீதம் கிடைத்தது. முன்னும் பின்னும் ஒரே அளவாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், அப்படி இல்லை.

ஒரே கோட்டை நம்பாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பொருத்த மாணவர்களுக்கு இதைக் கொடுக்க நினைக்கிறேன்:

```python
import numpy as np
r = np.array([5, 10, 15, 20, 25])
R = np.array([8.9, 17.8, 26.6, 35.3, 43.8])
b, a = np.polyfit(r**2, R / r, 1)
print(a, b / a)
```

a என்பது நடு உருப்பெருக்கம். b/a எதிர்க்குறியில் வந்தால் பீப்பாய், நேர்க்குறியில் வந்தால் ஊசிமெத்தை. அதை r² ஆல் பெருக்கினால் அந்த ஆரத்தில் உள்ள திரிபு கிடைக்கும்.

துளைத்தட்டு | ஜனவரி 11, காலை 6.30

முன்னும் பின்னும் சமமாக இராததற்குக் காரணம் உண்டு. உங்கள் அமைப்பே சமச்சீரானதல்ல: லென்ஸின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு, பொருள் அருகில், திரை தொலைவில். இரு பக்கமும் சம வளைவுள்ள லென்ஸை எடுத்து, பொருளையும் திரையையும் இரண்டு மடங்கு குவியத் தூரத்தில் வைத்து அளந்தால் இரண்டு எண்களும் நெருங்கி வரும்.

நிரலில் ஒரு குறை இருக்கிறது. 5 மி.மீ. கோட்டில் 0.1 மி.மீ. தவறாகப் படித்தால் R/r ஒரு சதவீதத்துக்கு மேல் ஆடிவிடும், 25 மி.மீ. கோட்டில் அதே தவறு கால் சதவீதத்தைத் தாண்டாது. எல்லாப் புள்ளிகளுக்கும் சம மதிப்புக் கொடுப்பது நியாயமில்லை. polyfit இல் w=r என்று எடையைச் சேர்த்துவிடுங்கள்.

வார்ப்பு | ஜனவரி 11, காலை 10.20

துளையின் இடம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் லென்ஸின் வார்ப்புக் குறை இதில் கலந்தே இருக்கும். இடது வலது சராசரி எடுத்து அதை மறைத்துவிட்டீர்கள். சராசரிக்கு முன் இருந்த எண்கள் எங்கே?

அளவுகோல் | ஜனவரி 11, இரவு 8.45

நியாயமான கேள்வி. துளை முன்னால் இருந்தபோது 20 மி.மீ. கோடு இடப்புறம் 35.5 இலும் வலப்புறம் 35.1 இலும் விழுந்தது.

துளைத்தட்டு | ஜனவரி 11, இரவு 9.30

வார்ப்பு பாதி வழி சரியாக வந்திருக்கிறார். இடவல வேறுபாட்டுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: லென்ஸின் கோணல், அல்லது பெஞ்சின் கோணல். இரண்டையும் பிரிக்க எளிய வழி, லென்ஸை அதன் வளையத்துக்குள்ளேயே அச்சைச் சுற்றி அரை வட்டம் திருப்பி மறுபடி படிப்பது. இடமும் வலமும் மாறிக்கொண்டால் குற்றம் லென்ஸுடையது. மாறாமல் அப்படியே நின்றால் குற்றம் பெஞ்சினுடையது.

என் ஊகம் பெஞ்ச்தான். உங்கள் துளையிலிருந்து கட்டத்தாளுக்கு 110 மி.மீ. கட்டத்தாள் இரண்டு டிகிரி சாய்ந்திருந்தால் 20 மி.மீ. கோடு ஒரு பக்கம் 0.7 மி.மீ. அருகிலும் மறுபக்கம் அதே அளவு தொலைவிலும் போகும். திரையில் அது ஒரு பக்கம் 0.2 மி.மீ. கூடுதலாகவும் மறுபக்கம் 0.2 மி.மீ. குறைவாகவும் தெரியும். நீங்கள் எழுதிய வேறுபாடு இதனுடன் ஒத்துப்போகிறது. இப்படிப்பட்ட சாய்வைச் சராசரி நீக்கிவிடும் என்பதால் உங்கள் 1.4 சதவீதத்துக்கு ஆபத்தில்லை.

அளவுகோல் | ஜனவரி 12, இரவு 7.20

லென்ஸைத் திருப்பிப் பார்த்தேன். வேறுபாடு அதே பக்கத்தில் நின்றது. கட்டத்தாளின் தாங்கிக்கு அடியில் மெல்லிய தாள் துண்டைச் செருகிச் சாய்வைச் சரிசெய்தபின் இரு புறமும் 35.3 இல் படிகின்றன.

வார்ப்பு | ஜனவரி 12, இரவு 8.05

சரி, இந்த லென்ஸ் தப்பித்தது. வேறு நான்கைந்து லென்ஸ்களையும் இப்படிச் சுற்றிப் பாருங்கள், ஒன்றாவது மாட்டும்.

அளவுகோல் | ஜனவரி 13, இரவு 10.10

இனி முதல் சிக்கல். 97 இலிருந்து 103 வரை என்று எழுதியிருந்தேன். பதிவேட்டை எடுத்து வரிசைப்படுத்தியபோது ஓர் ஒழுங்கு தெரிகிறது: பொருள் லென்ஸுக்கு அருகில் இருந்த அளவீடுகளெல்லாம் 100க்கு மேல், தொலைவில் இருந்தவையெல்லாம் 100க்குக் கீழ். இரு தூரங்களும் சமமாக இருந்தவை 100ஐ ஒட்டியே நிற்கின்றன.

துளைத்தட்டு | ஜனவரி 14, காலை 6.15

அது தாங்கியின் குறிமுள் லென்ஸுக்கு நேராக இல்லாததன் அடையாளம். உண்மையான தூரங்கள் 120, 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். குவியத் தூரம் 100. முள் திரையை நோக்கி 5 மி.மீ. தள்ளி நின்றால் நீங்கள் படிப்பது 125, 595, கணக்கிட்டால் 103.3 வரும். லென்ஸை மறு இடத்துக்கு நகர்த்தினால் உண்மை 600, 120, நீங்கள் படிப்பது 605, 115, கணக்கில் 96.6. உங்கள் எண்களும் ஏறக்குறைய இவைதாம். மாணவர்கள் கூர்மையான இடத்தைச் சரியாகத்தான் கண்டிருக்கிறார்கள்.

முள்ளைத் திருத்துவதைவிட, முள் தேவைப்படாத முறைக்குப் போவது நல்லது. பொருளையும் திரையையும் D தூரத்தில் நிலையாக வைத்து, பிம்பம் கூர்மையாகும் இரண்டு லென்ஸ் இடங்களுக்கு இடையிலான நகர்வு d ஐ மட்டும் அளந்தால்,

f = (D² − d²) / 4D

முள் எங்கே நின்றாலும் நகர்வு மாறாது. பெசல் முறை என்று செய்முறை நூல்களில் இருப்பது இதுதான்.

அளவுகோல் | ஜனவரி 15, இரவு 9.40

D = 500 வைத்தேன். நகர்வு d = 219.5. வாய்பாட்டில் போட்டால் 100.9 மி.மீ. ஆனால் உருப்பெருக்கத்தின் வழியாக வேறு விதமாகவும் பார்த்தேன்: திரையை லென்ஸிலிருந்து 100 மி.மீ. கூடுதலாகத் தள்ளிப் பொருளை நகர்த்திக் கூர்மையாக்கினால், உருப்பெருக்கம் 1.79 இலிருந்து 2.79 ஆகிறது. M = v/f − 1 என்பதால் சரிவிலிருந்து f = 100. இந்த 0.9 மி.மீ. எங்கிருந்து வருகிறது? d ஐ ஒன்றரை மி.மீ. தவறாகப் படித்திருந்தாலும் f இல் 0.3 மி.மீ. தான் மாறும்.

துளைத்தட்டு | ஜனவரி 16, காலை 6.40

லென்ஸின் தடிமனிலிருந்து வருகிறது. அந்த வாய்பாடு லென்ஸைத் தடிமனே இல்லாததாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் பொருளின் தூரத்தை ஒரு முதன்மைத் தளத்திலிருந்தும் பிம்பத்தின் தூரத்தை மற்றொரு முதன்மைத் தளத்திலிருந்தும் அளக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியில் செய்த தட்டைக்குவி லென்ஸில் அவற்றின் இடைவெளி தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. உங்கள் 9 மி.மீ. லென்ஸுக்கு அது 3 மி.மீ. ஆகவே D என்ற இடத்தில் 500க்குப் பதிலாக 497 போடுங்கள், 100.0 கிடைக்கும். சரிவு முறையில் திரையின் நகர்வு மட்டுமே வருவதால் இந்தத் திருத்தம் தேவைப்படவில்லை.

அந்த 1.79ஐயும் 2.79ஐயும் எந்தக் கோடுகளிலிருந்து எடுத்தீர்கள்? துளை 40 மி.மீ. முன்னால் இருந்து, நீங்கள் 25 மி.மீ. கோட்டைக் கொண்டு உருப்பெருக்கத்தைக் கணக்கிட்டிருந்தால், பீப்பாய்த் திரிபு சரிவைக் குறைத்துக் குவியத் தூரத்தை ஏறத்தாழ 2 மி.மீ. கூட்டிக் காட்டியிருக்கும்.

அளவுகோல் | ஜனவரி 16, மதியம் 12.50

துளை லென்ஸை ஒட்டியிருந்தது. நடுவில் உள்ள கட்டங்களைத்தான் எடுத்தேன். ஆனால் செய்முறைத் தாளில் அதையும் எழுதியாக வேண்டும். இல்லையென்றால் பெரிய உருவத்தை அளந்தால் பிழை குறையும் என்று மாணவர்கள் விளிம்புக்குத்தான் போவார்கள்.

பழைய கண்ணாடி | ஜனவரி 17, காலை 8.00

ஆடி முறையில் 395 வந்தது. வெள்ளை விளக்கில் புள்ளியின் ஓரம் ஒரு நேரம் நீலமாகவும் ஒரு நேரம் சிவப்பாகவும் தெரிகிறது. எந்த ஓரத்தில் நிறுத்துவது?

துளைத்தட்டு | ஜனவரி 17, காலை 9.10

எதிலும் நிறுத்த வேண்டாம், பச்சை எல்.இ.டி. வைத்து ஒரே நிறத்தில் அளங்கள். நிறத்துக்கு நிறம் குவியத் தூரம் மாறும். சாதாரணக் கிரௌன் கண்ணாடியில், 100 மி.மீ. லென்ஸுக்கு, நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையே 1.6 மி.மீ. வித்தியாசம் வரும். பாலிகார்பனேட் ஆனால் 3 மி.மீ.க்கு மேல். உங்கள் 400 மி.மீ. லென்ஸில் இவை நான்கு மடங்கு: 6 மி.மீ., 13 மி.மீ. சிவப்பு, நீல எல்.இ.டி.களில் தனித்தனியாக அளந்தால், லென்ஸ் எந்தப் பொருளால் ஆனது என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம்.

மெய்நிகர் | ஜனவரி 19, இரவு 11.35

என் வழக்கு சற்று வேறு. தலையில் மாட்டும் மெய்நிகர் பெட்டியின் லென்ஸ் வழியாகக் கட்டத்தைக் கைபேசிக் கேமராவில் படமெடுத்து அளக்கிறேன். எப்போதும் ஊசிமெத்தைதான் வருகிறது. கேமராவை லென்ஸிலிருந்து பின்னால் இழுக்க இழுக்க அது கூடுகிறது. லென்ஸ் இல்லாமல் எடுத்த படத்தின் திரிபைக் கழித்துவிட்டால் லென்ஸின் திரிபு கிடைத்துவிடுமா?

துளைத்தட்டு | ஜனவரி 20, காலை 6.20

பின்னால் இழுத்தால் கூடுவது, இந்த இழையில் பேசியதற்கு நேரடிச் சான்று. உங்களுக்குத் துளைத் தட்டு கேமராவின் கண்மணித் துளையே. அது எப்போதும் லென்ஸுக்குப் பின்னால்தான் இருக்கும். கண்ணை வைத்துப் பார்த்தாலும் அதேதான்.

கழிப்பதைப் பொறுத்தவரை, சிறிய திரிபுகளுக்குத் தோராயமாகச் சரி. ஆனால் கேமராச் செயலி படத்தைத் தானே நேராக்கிக்கொண்டிருக்கலாம். லென்ஸ் இல்லாத படத்தில் திரிபே இல்லாதது போலத் தெரிந்தால் அதைச் சந்தேகியுங்கள். இரண்டு படங்களும் ஒரே அமைப்பில், ஒரே பெரிதாக்கத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

மெய்நிகர் | ஜனவரி 20, இரவு 10.45

தூரத்தை எங்கிருந்து அளப்பது? கைபேசியின் வெளிக் கண்ணாடியிலிருந்தா? உண்மையான துளை உள்ளே சில மி.மீ. ஆழத்தில் இருக்குமே. கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே 12 மி.மீ. என்று வைத்து அளக்கும்போது அந்தச் சில மி.மீ. சிறிய விஷயமல்ல.

அளவுகோல் | ஜனவரி 21, இரவு 9.15

கைபேசியைச் சுழலும் தட்டில் வைத்து, அருகில் ஒரு குச்சியும் தொலைவில் ஒரு குச்சியும் நட்டு, தட்டைச் சுழற்றும்போது படத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று நகராமல் நிற்கும் வரை கைபேசியை முன்பின் தள்ளிப் பார்க்கலாம். சுழல்மையம் அப்போது கண்மணித் துளையின் மேல் இருக்கும். என்னிடம் உள்ள தட்டின் ஆட்டமே ஒரு மி.மீ. இருப்பதால் அதற்குக் கீழே எதையும் நம்ப முடியவில்லை. இதைவிடக் கூர்மையாக யாராவது அளந்திருந்தால் அமைப்பை எழுதுங்கள்.

செய்முறைத் தாளைத் திருத்திவிட்டேன். திரிபு எண்ணுக்குப் பக்கத்திலேயே துளையின் இடம், பொருளின் தூரம், லென்ஸின் எந்தப் பக்கம் பொருளை நோக்கியது ஆகிய மூன்றையும் எழுத இடம் விட்டிருக்கிறது; அவை இல்லாமல் வரும் எண்ணுக்கு மதிப்பெண் இல்லை.